நர்ஸம்மாவின் தளமும் மூன்று கியூபும்

திண்டிவனத்தில் அந்த நாளில் நர்ஸம்மா என்றால் அது அம்சவள்ளிதான். பிரசவ விடுதியில் இன்னும் இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். அவர்களை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஊரில் பாதிப் பிள்ளைகள் இவள் கையில்தான் முதல் அழுகை அழுதன. அதனால் ஊரில் பாதிப் பேரை அதட்டலாம் என்று ஓர் உரிமையை அவளாகவே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், யாரும் மறுக்கவில்லை.

நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "மாப்பிள்ளை பாத்துக்கினு வந்திருக்கீங்களா, இல்ல சும்மா கேக்குறீங்களா?" என்பாள். கேட்டவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு நடையைக் கட்டுவார். உள்ளதைச் சொன்னால், அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அது பெரிய ஆசை. மற்ற ஆசைகள் வந்து உட்கார அது இடம் விடவில்லை. எரியாத கூரையுள்ள ஒரு வீடு வேண்டும், அதில் அவள் அம்மா படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

முண்டியம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்தவள் அவள். எல்லாம் பனையோலைக் கூரை, ஒன்றின் தாழ்வாரம் இன்னொன்றை இடிக்கும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓர் ஆடி மாதத்தில், யார் வீட்டு அடுப்புப் பொறியோ காற்றில் பறந்தது. சோறு வடிக்கிற நேரத்துக்குள் சேரி முழுக்கச் சாம்பலாகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அஞ்சம்மாள் காற்றடிக்கும் நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தின நாள் கேப்பைக் கூழைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுவாள். இருட்டினால் வாசலில் தண்ணீர்ப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆடி முழுக்க அவள் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை.

தீக்கு நிவாரணம் கொடுக்க வந்த மிஷன்காரர்கள் அம்சவள்ளியைக் கொண்டுபோய் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். எரிந்த கூரைதான் அவளை நர்ஸாக்கியது என்று சிலர் நயமாகச் சொல்வதுண்டு. அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விடுதியின் ஓட்டுக் கூரைக்குக் கீழே படுத்தபடி, காற்று வீசும்போதெல்லாம் அம்மா இந்நேரம் விழித்திருப்பாள் என்று நினைத்து நினைத்து ஏங்கியவள் அவள். அந்த ஏக்கம் யாரையும் எதுவாகவும் ஆக்கவில்லை, அவளைத் தூங்கவிடவுமில்லை.

ஊரின் மேற்கு ஓரத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகள் தொடங்குகிற இடத்தில், ஒரு மனை வாங்கினாள். அறுபத்து மூன்றாம் வருஷம் வீட்டு வேலை ஆரம்பித்தது. கட்ட ஒப்புக்கொண்டவர் விழுப்புரம் காண்டிராக்டர் வெங்கடாசலம். பிரசவ விடுதிக்குப் புது வார்டு கட்டியவரும் அவர்தான். அந்த வார்டுக்குக் கூரைத் தளம் போட்ட அன்று ஓவர்சியர் அரங்கநாதன் மூன்று இரும்புப் பெட்டிகளில் கான்கிரீட்டை நிரப்பிக் கம்பியால் குத்திக்கொண்டிருந்ததை அம்சவள்ளி பார்த்துக் கேட்டாள். மேலே போன அதே கலவையில் கொஞ்சம் எடுத்து கியூப் என்கிற ஆறு அங்குலக் கட்டியாக்கி, தண்ணீரில் ஊறப் போட்டு, இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து உடைப்பார்களாம். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் தளத்தின் பலமாம். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறவளுக்கு இது புரியாமல் போகுமா?

தன் வீட்டு உடன்படிக்கையிலும் கியூப் சோதனை வேண்டும் என்று எழுதச் சொன்னாள். வெங்கடாசலம் சிரித்துவிட்டார்.

"வீட்டுக்கா கியூபு? நர்ஸம்மா, நீங்க இன்னா அணையா கட்டப் போறீங்க?"

"அதுக்கடியில எங்கம்மா படுக்கப் போறாங்க. அணை எனக்கு அதைவிடப் பெருசில்லீங்க."

சிரிப்பு நின்றது. எழுதிக்கொடுத்தார்.

சித்திரை வெயிலில் தளம் போட்டார்கள். தகரத்தின் மேல் ஜல்லியும் மணலும் சிமெண்டும் புரண்டன. சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அம்சவள்ளி விடுப்புப் போட்டுவிட்டு விடியும்போதே அடுப்பு மூட்டியிருந்தாள். தளம் போட்டு முடிந்ததும் வேலைக்காரர்களுக்கு இலை போட்டுச் சோறு போடுவது வீட்டுக்காரர் வழக்கம். சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று எதிலும் அவள் குறை வைக்கவில்லை.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. வாசக்கால் வைத்த அன்றும் சோறு போட்டாள். அன்று இரண்டு கொத்தனார்கள் வயிறு சரியில்லை என்று நழுவினார்கள். அவர்களை அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அவள் கண்ணாலேயே பார்த்தாள். பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தச் சேரியில் பிறந்தவள் அவள் என்பது அவர்கள் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது, வேறென்ன?

கடைசிச் சட்டி மேலே போனதும், "எல்லாரும் வாங்க, ஆறிடப் போவுது" என்று கூப்பிட்டாள். ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேஸ்திரி முருகையன் மட்டும் ஒரு சட்டிக் கலவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கியூபுக்காக எடுத்து வைத்தது.

"நீங்க போடுங்கம்மா. இதை ரொப்பிட்டு வந்துடறேன்."

அம்சவள்ளியின் முகம் விழுந்துவிட்டது. அவள் மறைக்க நினைத்தாள், முடியவில்லை. "இலை போட்டாச்சு, மேஸ்திரி" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

முருகையன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். சட்டியை வெயிலிலேயே கீழே வைத்துவிட்டு வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் சோறு கேட்டு வாங்கினார். பாயசத்தை இலையில் ஊற்றி வழித்து, "அம்மா, இன்னும் ரெண்டு கரண்டி" என்றார். ஆட்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அன்று முழுக்க அம்சவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் பிறகு போய்க் கியூப் நிரப்பியதையும் அவள் பார்த்தாள். அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். டியூட்டி முடிந்து அவளே போய் ஏணியில் ஏறி, தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பாள். வற்றியிருந்தால் குடத்தில் மொண்டு ஊற்றுவாள். தளத்தைக் கீழிருந்து தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மாவின் பாயை எந்த மூலையில் போடுவது என்று தினம் ஒரு மூலை மாற்றினாள்.

வைகாசியில் சென்னைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்தது. படித்துவிட்டு வார்டில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலமே விழுப்புரத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது.

"காண்டிராக்டர் திரு. வெங்கடாசலம் அவர்களுக்கு, திண்டிவனம் பிரசவ விடுதி நர்ஸ் அம்சவள்ளி எழுதிக்கொண்டது.

என் வீட்டுத் தளத்துக்குப் போட்ட கலவையிலிருந்து எடுத்த மூன்று கியூபுகளை உடைத்துப் பார்த்த விவரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சதுர சென்டிமீட்டருக்கு நூற்றைம்பது கிலோ தாங்க வேண்டிய கான்கிரீட் இது. மூன்றில் ஒன்றுகூட நூறைத் தொடவில்லை. கட்டிகளில் பொந்துகள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று கெட்டிருந்தால் தவறு என்பேன். மூன்றும் கெட்டிருப்பதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்கி இறக்கிய சிமெண்ட் முழுவதும் என் தளத்துக்குள்தான் போயிற்றா என்பதற்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தளத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. உடனே நடுவில் முட்டுக் கொடுத்து, பிறகு இடித்துப் புதிதாகப் போட்டுத் தரவும். தங்கள் தாயாரைப் படுக்கவைக்கத் துணியாத இடத்தில் என் தாயாரைப் படுக்கவைக்க நான் சம்மதியேன்."

கடிதம் கிடைத்த மறுநாளே முட்டுக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். பதிலாக ஒரு கார்டு வந்தது. "நேரில் வரவும்" என்று மட்டும் எழுதி, கையெழுத்தைத் தாளே கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தார். அம்சவள்ளி ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயில் ஏறினாள்.

வெங்கடாசலத்தின் கொட்டகை விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், இஞ்சின் புகை வந்து படிகிற இடத்தில் இருந்தது. அவர் அவளை உட்காரச் சொன்னார், தான் உட்காரவில்லை. கடிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"தளம் சரியில்லைன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். இடின்னு எழுதுங்க, இடிக்கறேன். சிமெண்ட்டை வித்துட்டேன்னு எழுதிட்டீங்களே! சிமெண்ட் கிடைக்காம ஜனங்க அலையுற காலம் இது. நாளைக்கி இந்தத் தாளு யாரு கையிலயாவது கிடைச்சா எனக்கு யாரும்மா வேலை குடுப்பாங்க?"

"நான் சொல்லலீங்க. கியூபு சொல்லுது."

"முருகையா!" என்று கத்தினார் அவர். பக்கத்தில் முட்டுக் கம்புகளை எண்ணிக்கொண்டிருந்த மேஸ்திரி வந்து நின்றார். அம்சவள்ளியைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கலவையில இன்னாய்யா பண்ணே?"

"கலவை சரியாத்தாங்க போட்டோம். சிமெண்ட் மூட்டை அத்தினியும் அம்மா கண்ணு முன்னாலதான் பிரிச்சுக் கொட்டினோம்."

"அப்புறம் கியூபு ஏன் இப்படி ஆச்சு?"

"அது என் தப்புங்க. என்னை வேலையை விட்டு நிறுத்திடுங்க."

வெங்கடாசலம் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினார். அம்சவள்ளி திட்டைக் கேட்கவில்லை. முருகையன் முகத்தையே பார்த்தாள். பிரசவ வலியை வெளியே காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுகிற பெண்களை அவள் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். இந்த ஆள் எதையோ அப்படி அடக்கிக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, கியூபு எப்ப ரொப்புனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"எப்பன்னு கேக்குறேன்."

"சாப்ட்ட அப்புறங்க."

"கலவை அதுவரைக்கும் வெயில்லயா இருந்துது?"

"இறுகிப் போச்சுங்க. தண்ணி ஊத்திக் கிளறினேன். குத்தவும் சரியா வரல."

"ஏண்டா," என்று வெங்கடாசலம் தலையில் கைவைத்தார், "ரொப்பிட்டுச் சாப்பிட்டா சோறு ஓடியா போவும்? ஒரு சாக்காவது நனைச்சு மூடக்கூடாது? இத்தினி வருஷ வேலை தெரிஞ்சவன் பண்ற காரியமா இது?"

அம்சவள்ளிக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. வெயிலில் வைக்கப்பட்ட சட்டி, முதல் இலை, இன்னும் ரெண்டு கரண்டி. காது மடல் வரை சுட்டது.

"நான்தாங்க கூப்பிட்டேன்" என்றாள். "அவர் ரொப்பிட்டு வர்றேன்னாரு. நான் விடல."

கொட்டகைக்கு வெளியே வந்த பிறகுதான் அவளால் அவரிடம் கேட்க முடிந்தது.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேஸ்திரி. கெட்டுப்போவும்னு சொல்லியிருந்தா நானே போய் ரொப்புங்கன்னு சொல்லியிருப்பேன்."

"உங்க மூஞ்சி வாடிப்போச்சும்மா. சாப்பிடாம நழுவுறேன்னு நினைச்சுட்டீங்க. வாசக்காலுக்கு ரெண்டு பேரு பண்ணிட்டுப் போன பேஜாரு எனக்கும் தெரியும். அந்த நேரத்துல நான் எழுந்து நின்னு, இல்லம்மா, உங்க வீட்டுல சாப்பிடுவேன், ஆனா கியூபு கெட்டுடும்னா, அது உங்களுக்குக் கேக்குமா? கேக்காது. உக்காந்துட்டா கேக்கும்."

"பாயசம் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கம்பு எண்ணப் போய்விட்டார்.

அவள் திரும்ப உள்ளே போய்த் தன் கடிதத்தை எடுத்து, சிமெண்ட் பற்றி எழுதிய வரிகளை வெங்கடாசலம் கண்முன்னாலேயே அடித்துக் கையெழுத்துப் போட்டாள். மற்ற வரிகளை அடிக்கவில்லை.

"கியூபு கெட்டதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் இன்னா?" என்றார் அவர்.

"காரணம் தெரிஞ்சுதே தவிர தளம் தெரியலீங்க. பாட்டில்ல எடுத்த மூத்திரம் வெயில்ல கெட்டுப்போனா, புள்ளத்தாச்சிக்கு நோவு இல்லன்னு நான் சீட்டு எழுத முடியுமா? நோவு இருக்குன்னும் எழுத முடியாது. மறுபடி பாக்கத்தான் வேணும்."

அதுவரை நின்றே பேசிய வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் போய் வேறு ஏதோ ஒன்று அந்த முகத்தில் வந்திருந்தது.

"பாரம் ஏத்திப் பாத்துடலாம். அரங்கநாதன் ரிட்டயர் ஆயிட்டாரு, கூட்டியாறேன். தாங்கலேன்னா என் செலவுல இடிச்சுப் போட்டுத் தர்றேன். ஆனா ஒண்ணு, இடிச்சா அடுத்த சித்திரை ஆயிடும். சிமெண்ட் பர்மிட் வாங்கறது இன்னா சும்மாவா?"

அடுத்த சித்திரை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, மூச்சு இளைத்தது. இந்த ஆடியைக் கடப்பதே அவளுக்குப் பெரும்பாடு. திரும்பும் ரயில் முண்டியம்பாக்கத்தில் நின்றபோது, பனைமரங்களுக்கு அப்பால் சேரிக் கூரைகள் தெரிந்தன. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் போனால் அம்மா, "வூடு எப்படி இருக்குது?" என்று கேட்பாள். அவள் இறங்கவில்லை. ரயில் நகர்ந்த பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை அழுதாள்.

ஆடி பிறந்ததும் சோதனை வைத்தார்கள். மல்லாட்டை மண்டியிலிருந்து காலிச் சாக்குகளை வாங்கி, மணல் நிரப்பி எடை போட்டு, தளத்தின் மேல் அடுக்கினார்கள். வீட்டில் ஆட்கள் புழங்கினால் வரக்கூடிய பாரத்துக்கும் மேலே கணக்குப் போட்டு ஏற்றச் சொன்னார் அரங்கநாதன். கீழே முட்டுகளை ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினார், இடிந்தால் தாங்கிக்கொள்வதற்கு. தளத்தின் நடு வயிற்றில் ஒரு முள் கடிகாரத்தைப் பொருத்தினார். தளம் எவ்வளவு தொய்கிறது என்பதை அதன் முள் காட்டும். ஒரு நாள் முழுக்கப் பாரம் நிற்க வேண்டும். பிறகு இறக்கிவிட்டு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். தொய்ந்ததில் முக்கால் பங்காவது தளம் திரும்ப எழும்பினால் அது நல்ல தளம்.

"தொய்யாம இருந்தாத்தானே நல்லது?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"தொய்யாத தளம் ஏதும்மா? பாரம் வந்தா யாரும் தொய்யத்தான் செய்வாங்க" என்றார் அரங்கநாதன். முள்ளைப் பார்த்தபடியே, சாதாரணமாகச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அம்சவள்ளி டியூட்டிக்கு நடுவே ஓடி ஓடிப் போய் முள்ளைப் பார்த்தாள். பிரசவ விடுதியில் ஒரு பெண்ணை அநியாயமாக அதட்டிவிட்டு, பிறகு போய் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் முடிவில் அரங்கநாதன் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெங்கடாசலம் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். முருகையன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"கிட்டத்தட்ட முழுசும் எழும்பிடுச்சு. ஒரு விரிசல் இல்ல. அம்மா, உங்க தளத்துல ஒரு குறையும் இல்ல."

வெங்கடாசலம் வாய்விட்டுச் சிரித்தார். அம்சவள்ளி ஓடிப்போய், வாசலில் நின்ற முருகையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மனுஷன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்தார்.

மறுநாளே மாட்டுவண்டி வைத்துக்கொண்டு போய் அம்மாவை அழைத்துவந்தாள். அஞ்சம்மாள் மங்கிய கண்ணால் அண்ணாந்து பார்த்தாள். கைத்தடியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள். வெளியே ஆடிக் காற்று மல்லாட்டைக் கொல்லையை உலுக்கிக்கொண்டிருந்தது. அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டாள். அதற்காகத்தானே இத்தனை வருஷம்! எழுந்ததும் அம்மா கூழ் குடித்தாள், மறுபடி தூங்கினாள். வாழ்நாளில் விட்ட தூக்கத்தையெல்லாம் வசூலிக்கிற மாதிரி தூங்கினாள்.

சில நாள் கழித்துக் காலையில் அம்மா புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"ஊருக்குப் போறேன்டி. வண்டி சொல்லு."

"இங்க இன்னா கொறை? எரியுமா இது? இடியுமா? பாரம் ஏத்திக்கூடப் பாத்தாச்சு!"

"ஒரு கொறையும் இல்ல, என் தங்கமே. நல்லாத் தூங்கினேன். இந்த மாதிரி நான் எப்பவும் தூங்கினதில்ல." அம்மா மகளின் கன்னத்தைத் தடவினாள். "அதான்டி. அங்க ஆடிக் காத்து அடிச்சுக்கினு இருக்குது. சேரியில எல்லாரும் நான் முழிச்சிருக்கேன்னு நம்பித்தான் தூங்குவாங்க. இத்தினி வருஷமா பொறி பறந்தா நான்தான் கத்துறேன். நான் இங்க தூங்கிட்டா, அங்க யாரு கத்துறது?"

அம்சவள்ளி எவ்வளவோ கெஞ்சினாள், அதட்டியும் பார்த்தாள். ஊரில் பாதிப் பேர் கேட்கிற அதட்டலை அம்மா கேட்கவில்லை. கடைசியில் அவளே வண்டி சொல்லி, அம்மாவை ஏற்றி உட்காரவைத்து, கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள்.

அந்த ஆடி முழுக்கக் காற்று வீசியது. புது வீட்டில், எரியாத இடியாத அந்தத் தளத்துக்குக் கீழே, தூக்கம் வராமல் புரண்டு கிடந்தாள் அம்சவள்ளி.